‘ஐயா என்ன தவறு செய்தார்?’

“நான் இங்கிலாந்துக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. கண்டனூரில் எங்கள் ஐயா இறந்துவிட்டார்கள். காரியத்தன்று வீட்டு வளவில் படிக்க என்னை இரங்கலுரை எழுதச் சொல்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் அக்கா பிள்ளைகளுக்குத் தமிழ் அதிகம் புரியாது. தமிழில் எழுதி, அதை அப்படியே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் படித்தால் போதுமா? விடுப்பு, பயணச்சீட்டு, விசா பற்றியும் சொல்லுங்கள்.”

தம்பி, விடுப்பை அலுவலகத்தில் கேளுங்கள், பயணச்சீட்டை முகவரிடம் கேளுங்கள். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்து முடிவு வராமல் இருந்தால் மட்டும், நாட்டை விட்டுப் போகலாமா என்பதை முதலில் விசாரியுங்கள். 1998ஆம் ஆண்டு குளிர்காலத்தில் நான் வந்திறங்கிய நான்காம் மாதம் எங்கள் ஐயா இறந்தார்கள். விசா நீட்டிப்புக்காகக் கொடுத்த என் கடவுச்சீட்டு ஓர் அலுவலகத்தில் கிடந்தது. தெருமுனைத் தொலைபேசிக் கூண்டில், அட்டையில் காசு தீர்ந்துகொண்டிருக்க, செய்தியை மட்டும் கேட்டுக்கொண்டேன். அன்றிரவு நான்கு பக்கம் எழுதி அஞ்சலில் சேர்த்தேன். அது தேவகோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. ஆகவே, எழுதியதைப் படிக்கக் கேட்பதற்கு ஆட்கள் உங்களுக்கு இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து, எழுத்தை மட்டும் பற்றிப் பேசுவோம்.

அப்படியே மொழிபெயர்த்தால் போதாது. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2016இல் என் தகப்பனார், எனக்கு அப்பச்சி, வீட்டுப் பிள்ளைகளுக்கு ஐயா, 89 வயதில் சிவபதவி அடைந்தபோது தமிழ் உரையை நான் எழுதினேன். ஆங்கிலத்தைக் கூலி கொடுத்து ஒருவரிடம் எழுதி வாங்கினேன். வந்த தாளில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ‘சிவபதவி அடைந்தார்’ என்பது ஆங்கிலத்தில் சிவனிடம் உத்தியோகம் பெற்றார் என்ற பொருளில் வந்திருந்தது. அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் தமிழ் தெரிந்த என் அண்ணன் பேத்தி அருகில் வந்து, எல்லோரும் ‘ஐயா தவறிட்டாக’ என்கிறார்களே, ஐயா என்ன தவறு செய்தார் என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த ‘தவறு’ பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையால் சுழிக்கும் தவறு. காலமானார், இயற்கை எய்தினார், தவறினார் என்று சாவைச் சொல்லாமல் சொல்வது நம் மொழியின் மரியாதை. பிள்ளைகளுக்கான பிரதியில், இறந்தார் என்ற நேர்ச்சொல்லையே எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பு தோற்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழ் உரையைக் கேட்பவர்கள் ஐயாவை அறிந்தவர்கள். அவர்களுக்கு ஒரு வரி போதும். நான் இப்படி எழுதியிருந்தேன்: ‘பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனார்கள்; 1942இல் கால்நடையாக ஊர் திரும்பினார்கள்.’ இதைக் கேட்டதும் ஆச்சிமார்கள் தலையசைத்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கோ அதே வரியில் பெட்டியும் தெரியாது, கொண்டுவிக்கப் போவது என்றால் கடல் கடந்து வட்டிக்கடைத் தொழிலுக்குப் போவது என்பதும் தெரியாது, எதற்காக நடந்தார் என்பதும் தெரியாது. மொழிபெயர்த்தவர் வட்டிக்கடையைக் கந்துவட்டிக்காரன் என்று பொருள்படும் சொல்லால் எழுதிவிட்டதால், ஐயாவைக் கொள்ளைக்காரர் என்றே பிள்ளைகள் எண்ணியிருப்பார்கள்.

ஆகவே அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, அந்த ஒரு வரிக்காக முகப்பில் கிடந்த கைப்பெட்டியைக் கையில் எடுத்தேன். சாய்ந்த மூடி, உள்ளே சிறு அறைகள், மூடியின் விளிம்பில் மணிக்கட்டு உராய்ந்து வழுவழுத்த ஓர் இடம். ஆங்கிலப் பிரதி அந்தப் பெட்டியில் தொடங்கியது: இதன் முன்னால் தரையில் சம்மணமிட்டு, உங்கள் வயதை ஒத்த ஒரு பையன் நாள் முழுவதும் கணக்குப் பிரதி எடுத்தான், அவனுக்கு மேலே அடுத்தாள், அவருக்கும் மேலே கடையை நடத்தும் மேலாள், கப்பலில் போனவன் மூன்றாண்டுத் தவணை முடிந்து வருவதாக ஆத்தாளிடம் சொல்லிவிட்டுப் போனான். பிறகு ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்ததையும், 1942 மார்ச்சில் நகரம் விழுந்ததையும், உறவினர் ஒருவரோடு தாமு வழியாக மணிப்பூர் எல்லையை நடந்தே கடந்ததையும் சேர்த்தேன். தமிழில் ஒரு வரியாக இருந்தது ஆங்கிலத்தில் ஒரு பக்கமாயிற்று. அதற்கு ஈடாக, தமிழில் இருந்த கோயில், அதில் பதிந்த குடும்பங்களின் புள்ளிக் கணக்கு, சம்பந்திப் பெயர்கள் அனைத்தையும் ஆங்கிலத்தில் விட்டுவிட்டேன். சபையில் பெயர் விட்டுப்போனால் தமிழ்ப் பக்கத்தில்தான் மனத்தாங்கல் வரும்.

வட்டிக்கடையை மறைக்கவில்லை. மறைக்கச் சொன்ன உறவினர்கள் உண்டு. கடல் கடந்தவுடன் முன்னோர் அனைவரையும் வள்ளல்களாக்கிவிடும் கூட்டம் அது. 1930களில் நெல் விலை சரிந்து, கடனுக்காகக் கீழ்பர்மாவின் ஏராளமான வயல்கள் நம் செட்டியார்கள் கைக்கு வந்ததைப் பிள்ளைகள் என்றேனும் படிக்கத்தான் போகிறார்கள். ‘விவசாயிகளுக்குக் கடன் கொடுத்த கடை, பலர் நிலத்தை இழந்தார்கள், ஐயா அதில் கணக்கு எழுதிய பையன்’ என்று மூன்று சிறு வாக்கியங்களில் எழுதினேன். பேத்தி தலையை நிமிர்த்திக் கேட்டது அந்த இடத்தில்தான்.

எந்தத் தமிழ்ச் சொல்லை அப்படியே விடுவது என்பதிலும் கவனம் வேண்டும். பிள்ளைகள் வாயால் அழைத்த சொற்களைத் தொடாதீர்கள். ஐயாவை அவர்கள் ஒருநாளும் ஆங்கிலச் சொல்லால் கூப்பிட்டதில்லை. வீட்டின் பகுதிகளான முகப்பு, பட்டாலை இரண்டையும், அவர்கள் நிற்கும் இடமே அது என்பதால் வைத்துக்கொண்டேன். மற்றவற்றுக்கு ஆங்கிலமே எழுதினேன். நாலைந்துக்கு மேல் தமிழ்ச் சொல் வந்தால் பிள்ளைகள் சொல்லை நினைவில் வைப்பதிலேயே தடுமாறி, ஆளை விட்டுவிடுகிறார்கள். ‘அவர்கள்’ என்ற மரியாதைப் பன்மை ஆங்கிலத்தில் நிற்காது. அதற்குப் பதிலாக, அப்பத்தா தம் வாழ்நாளில் ஐயாவின் பெயரைச் சொன்னதில்லை, தபால்காரர் கேட்டால் பேரனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார் என்று எழுதினேன்.

படிக்கும் முறையில் என் கருத்து உறுதியானது. தமிழ் முழுவதும், பிறகு ஆங்கிலம் முழுவதும் என்று படித்தால் முதல் பாதியில் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், இரண்டாம் பாதியில் பெரியவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். நான்கு பகுதிகளாக வெட்டி மாற்றி மாற்றிப் படியுங்கள். தமிழில் நூறு சொல் ஆங்கிலத்தில் நூற்றைம்பதைத் தொடும். அளவை முன்பே ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள், மொத்தம் பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. நம் பக்கம் கேத வீட்டில் எழுந்து நின்று பேசுவது பழைய வழக்கமில்லை என்பதால் பெரியவர்களின் பொறுமையும் அளவோடுதான் இருக்கும். ஆங்கிலத்தைப் பேரப்பிள்ளை ஒருவரே படிக்கட்டும். லண்டனில் நான் பழகிய யாழ்ப்பாணத்து நண்பர்கள் முப்பத்தொன்றாம் நாளுக்குக் கல்வெட்டு என்று நினைவு மலர் அச்சிடுவார்கள். அதில் பேரப்பிள்ளைகளின் ஆங்கில வரிகள் தனியாக இருக்கும். நாம் அதைப் பார்த்து ஏளனம் செய்த காலமும் உண்டு. அவர்களிடமிருந்துதான் நான் இதைக் கற்றேன்.

எங்கள் வீட்டில் ஆங்கிலப் பகுதியை அண்ணன் பேரன் படித்தான், பன்னிரண்டு வயது. அப்பச்சி தினமும் வாசலில் வருவோரிடம் கேட்ட ‘வாங்க, சாப்பிட்டாச்சா?’ என்பதை ஆங்கில எழுத்தில் தமிழாகவே எழுதிக் கொடுத்திருந்தேன். அவன் அதைத் தட்டுத் தடுமாறிப் படித்ததும் பட்டாலையின் ஓரத்திலிருந்து ஓர் ஆச்சி, “ஆச்சு, நீ படி அப்பச்சி” என்று அவனைச் செல்லமாக அழைத்துப் பதில் சொன்னார். அவன் தாளிலிருந்து தலையைத் தூக்கி, யார் பேசியது என்று தேடினான்.