“சனி நைட் சர்வர் டவுன்” என்பதை அறிவிப்பாக மாற்றுவது

கேள்வி: எங்க ஐடி ஆளுங்க வாட்ஸ்அப்புல “சனிக்கிழமை நைட் சர்வரை நிறுத்துறோம்”னு பேசி முடிவு பண்ணிடுறாங்க. அதை மத்த பிரிவுகளுக்கு முறையான முன்னறிவிப்பா எழுதுற வேலை என் தலையில. நேரம், பாதிப்பு, யாரைக் கூப்பிடணும்னு எல்லாம் எப்படி எழுதுறது?

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஐடி பிரிவில் இருக்கிறேன். எங்கள் இடத்தில் இந்த எழுத்து வேலை என்னுடையது. 2025 ஜூனில் ஈ.ஆர்.பி. டேட்டாபேஸைப் புது டிஸ்க்குக்கு மாற்றினோம். அதற்கு முன் எங்களுக்குள் ஓடிய பேச்சு ஏறக்குறைய இதுதான்:

“சனி நைட் 12க்கு மேல சர்வர்ல கை வைக்கலாமா?”
“வைக்கலாம் ஜி. டிஸ்க்க மாட்டி டேட்டாபேஸ தூக்கி வைக்கணும். ரெண்டு மணி நேரம் போதும்.”
“பேக்கப்?”
“அது ஒரு முக்கா மணி நேரம்.”
“சொதப்பிட்டா?”
“பழைய டிஸ்க் அப்படியேதான இருக்கும். திருப்பி மாத்த அரை மணி நேரம்.”
“பஞ்சிங் மெஷினு?”
“அது தனியா ஓடும். காலைல தானா ஏறிக்கும்.”
“டிஸ்பாட்ச்காரங்க கத்துவாங்களே.”
“நைட்டு யாரு இருக்கா. குரூப்ல ஒரு மெசேஜ் போட்டு விடுங்க.”

முன்பெல்லாம் இதிலிருந்து நான் போடும் மெசேஜ்: “சனி நைட் 12 மணிக்கு சர்வர் டவுன், 2 மணி நேரம் ஆகும், ஒத்துழைக்கவும்.” எல்லோரும் கட்டை விரல் காட்டுவார்கள். அன்றைக்கு ராத்திரி போன் அடிக்கும்.

முதல் ஓட்டை “சனி நைட் 12”. நம் பேச்சில் விடிகிற வரை அதே கிழமைதான். சனிக்கிழமை ராத்திரி ஒரு மணி என்று சொன்னால் அது சனி முடிந்து வருகிற ராத்திரி. காலண்டரில் அது ஞாயிறு. எழுதும்போதோ தேதியையும் சேர்த்துப் போடுவோம், அங்கேதான் குழப்பம். ஒருமுறை “28ஆம் தேதி இரவு 12 மணி” என்று எழுதினேன். நான் நினைத்தது 27 முடிந்து 28 பிறக்கும் நேரம். பேக்கிங்கில் இருந்த அண்ணன் 28ஆம் தேதி வேலை முடிந்து வரும் ராத்திரி என்று எடுத்துக்கொண்டார். அவர் பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருக்கும்போதே சர்வரை நிறுத்திவிட்டோம். அறுபது வரிக்குமேல் அடித்து சேவ் செய்யாமல் வைத்திருந்தார், அத்தனையும் போச்சு. அவர் மேல் தப்பே இல்லை.

அன்றிலிருந்து அறிவிப்பில் 12 மணி என்று எழுதுவதில்லை. 11.45 என்று போட்டால் அது எந்த நாள் என்று யாருக்கும் சந்தேகம் வராது. தொடக்கம், முடிவு இரண்டுக்கும் தனித்தனியாகக் கிழமையும் தேதியும் எழுதிவிடுவேன்.

அடுத்தது “ரெண்டு மணி நேரம்”. இது வேலை செய்கிறவர் தன் கைவேலைக்குச் சொல்லும் கணக்கு. படிக்கிறவருக்கு வேண்டியது, தன்னால் எத்தனை மணிக்கு உள்ளே வர முடியாது, எத்தனை மணிக்கு வர முடியும் என்பது. பேச்சிலேயே எல்லா எண்ணும் இருக்கிறது, கூட்டினால் போதும். கடைசி பேக்கப் எடுக்கும்போது யாரும் என்ட்ரி போடக்கூடாது, ஆகவே அந்த முக்கால் மணி நேரமும் நிறுத்தக் கணக்கில்தான் வரும். 11.45க்கு லாகினை மூடினால் உள்ளே இருப்பவர்கள் வெளியேறக் கால் மணி நேரம். 12.00 முதல் 12.45 வரை பேக்கப். மாற்றும் வேலை 2.45 வரை. நான்கைந்து பில், இரண்டு ரிப்போர்ட் எடுத்துச் சரிபார்க்க அரை மணி நேரம், 3.15.

இந்த 3.15 முக்கியம். அதற்குள் சரிபார்ப்பு முடியவில்லை என்றால் “இன்னும் பத்தே நிமிஷம்” என்ற பேச்சுக்கே இடமில்லை, பழைய டிஸ்க்குக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்கு அரை மணி, திரும்பிய பிறகு பார்க்கக் கால் மணி, ஆக 4.00. அறிவிப்பில் போட வேண்டிய முடிவு நேரம் இந்த 4.00தான். வேலை நன்றாக நடந்தாலும் சொதப்பினாலும் 4 மணிக்கு சிஸ்டம் கிடைக்கும் என்று அப்போதுதான் துணிந்து சொல்லலாம். 3.15 என்ற எண் எங்களுக்குள் இருக்கட்டும், வெளியே சொல்ல வேண்டாம். சொன்னால் 3.20க்கு யாராவது லாகின் அடித்துப் பார்ப்பார்கள்.

அதிக நேரம் மெனக்கெட வேண்டியது பாதிப்புப் பகுதியில்தான். செய்தித்தாளில் “நாளைய மின்தடை” என்று வருமே, அதை எப்படிப் படிக்கிறோம்? துணை மின்நிலையத்தில் என்ன வேலை நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நம் தெருப் பெயர் இருக்கிறதா என்று தேடுவோம், இருந்தால் நேரத்தைப் பார்ப்போம். அறிவிப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். “டேட்டாபேஸ் மைக்ரேஷன் காரணமாக சர்வர் சேவை பாதிக்கப்படும்” என்ற வரியில் டிஸ்பாட்ச்காரர் தன் பெயரைத் தேடிக் காணாமல் போய்விடுவார்.

அதனால் பேச்சில் “நைட்டு யாரு இருக்கா” என்று வந்ததை நான் நம்புவதில்லை. போன் எடுத்துக் கேட்பேன். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். காலை எட்டரைக்குத் தொடங்கினால் இரவு எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட் முடியும், கப்பல் தேதி நெருக்கினால் ராத்திரி 1 மணி வரை இரண்டு ஷிப்டும் ஓடும். அன்றைக்கு விசாரித்ததில், தூத்துக்குடிக்கு ஒரு கன்டெய்னர் ராத்திரி ஒரு மணி வாக்கில் கிளம்புகிறது என்று தெரிந்தது. சர்வர் நின்றால் இன்வாய்ஸ் வராது, இ-வே பில்லும் வராது. அவ்வளவு சரக்கு இ-வே பில் இல்லாமல் கேட்டைத் தாண்டக்கூடாது.

“அப்போ பில்லை 11 மணிக்குள்ள போட்டுருங்க” என்றேன். “வண்டி நம்பர் தெரியாம எப்படித் தம்பி போடறது?” என்றார் டிஸ்பாட்ச் அண்ணன். நியாயமான கேள்வி. இ-வே பில்லில் சரக்கு விவரம் முதல் பகுதி, வண்டி எண் இரண்டாம் பகுதி. முதல் பகுதியை ஈ.ஆர்.பி.யிலிருந்து முன்பே போட்டு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளலாம். வண்டி வந்ததும் ewaybillgst.gov.in தளத்தில் நேரடியாக லாகின் செய்து வண்டி எண்ணைச் சேர்க்கலாம். அந்தத் தளத்துக்கும் எங்கள் சர்வருக்கும் சம்பந்தம் இல்லை. செல்லுபடிக் காலமும் வண்டி எண் சேர்த்த பிறகுதான் ஓடத் தொடங்கும், ஆகவே முன்பே போடுவதால் நஷ்டமில்லை. தளத்தின் யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் அன்றிரவு இருப்பவரிடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். எங்கள் இடத்தில் அது கணக்குப் பிரிவில் ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது. கேட்டிருக்காவிட்டால் ராத்திரிதான் தெரிந்திருக்கும்.

எது நிற்காது என்பதையும் எழுதுங்கள். பஞ்சிங் மெஷின் பதிவைத் தன்னுள்ளேயே வைத்திருந்து பிறகு அனுப்பும். இதைச் சொல்லாவிட்டால் ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள், திங்கட்கிழமை வருகைக் கணக்கு இரட்டிப்பாகும்.

தொடர்புக்கு வேலை செய்கிறவரின் எண்ணைப் போடாதீர்கள். டிஸ்க் மாற்றிக்கொண்டிருப்பவர் போன் எடுத்தால் வேலை கெடும், எடுக்காவிட்டால் பெயர் கெடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் எண் வேண்டும். நான் முன்பு ஒரு முறை இன்டர்காம் எண்ணைக் கொடுத்து அசடு வழிந்தேன். நிறுத்தப்போகும் அதே சர்வரில்தான் இன்டர்காமும் ஓடிக்கொண்டிருந்தது!

கடைசியில் புதன்கிழமை அனுப்பியது இது:

> ஈ.ஆர்.பி. இயங்காது: சனி (14-06-2025) இரவு 11.45 முதல் ஞாயிறு (15-06-2025) அதிகாலை 4.00 வரை
>
> டேட்டாபேஸைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றுகிறோம். சனி இரவு 11.45க்கு லாகின் மூடப்படும். அதற்குமுன் சேவ் செய்து வெளியே வந்துவிடுங்கள். சேவ் செய்யாத என்ட்ரி கிடைக்காது.
>
> டிஸ்பாட்ச்: இன்வாய்ஸ், இ-வே பில் போட முடியாது. அன்றிரவு கிளம்பும் லோடுகளுக்கு 11.00க்குள் போட்டுவிடுங்கள். வண்டி எண்ணை இ-வே பில் தளத்தில் நேரடியாகச் சேர்க்கலாம்.
> சம்பளப் பிரிவு: சம்பளப் பட்டியலை இரவு 9.00க்குள் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.
> பேக்கிங், ஸ்டோர்: என்ட்ரி போட முடியாது. சிலிப்பில் எழுதி வைத்து ஞாயிறு காலை ஏற்றலாம்.
>
> வழக்கம்போல் இயங்குபவை: பஞ்சிங் மெஷின், மெயில், இன்டர்நெட். பஞ்ச் மட்டும் வைத்தால் போதும், நோட்டில் எழுத வேண்டாம்.
>
> தொடர்புக்கு: ஐடி உதவி, (கைப்பேசி எண்), சனி இரவு 9.00 முதல் ஞாயிறு காலை 6.00 வரை. இந்த நேரம் உங்களுக்கு ஒத்துவராது என்றால் வெள்ளி மாலை 5.00க்குள் சொல்லுங்கள்.

தலைப்பிலேயே நேரம் இருப்பதைப் பாருங்கள். பாதிப் பேர் போன் திரையில் வரும் அந்த ஒரு வரியை மட்டும்தான் படிப்பார்கள். “தவிர்க்க இயலாத காரணங்களால்”, “சிரமத்துக்கு வருந்துகிறோம்” எல்லாம் வைக்கவில்லை. முதலாளி கேட்டால் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், தலையில் மட்டும் வேண்டாம். கடைசி வாக்கியத்தில் உள்ள வெள்ளிக்கிழமைக் கெடு விளையாட்டுக்கு இல்லை. யாராவது மறுத்தால் தேதியை மாற்ற உங்களுக்கு ஒரு நாளாவது மிஞ்ச வேண்டும்.

சனி மாலை 6 மணிக்கு அதே அறிவிப்பின் தலைப்பு வரியை மட்டும் மறுபடி குரூப்பில் போட்டேன். வேலை 3.05க்கே முடிந்தது. சரிபார்த்த கையோடு “ஈ.ஆர்.பி. இயங்குகிறது. லாகின் செய்யலாம்.” என்று ஒரு மெசேஜ். கன்டெய்னர் 1.20க்குக் கிளம்பியதாகக் காலையில் சொன்னார்கள். ராத்திரி ஒரு போன்தான் வந்தது, அதுவும் செக்யூரிட்டி அண்ணன், ஐடி ரூமில் லைட் எரிகிறதே, யார் இருக்கிறீர்கள் என்று கேட்டு.