ஸ்பைருலினா, குளோரெல்லா மாத்திரைகள்: பி12 கணக்கும் நஞ்சுக் கணக்கும்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சுத்த சைவம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். பி12 குறைவு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்பைருலினா மாத்திரை காலையில் 3, இரவில் 3 போட்டால் போதும், கூடவே குளோரெல்லாவும் எடுத்தால் உடம்பில் இருக்கும் நச்செல்லாம் வெளியேறிவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். என் 5 வயது மகனுக்கும் பாதியளவு கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்:

உங்கள் தாயாரின் பி12 குறைபாட்டுக்கு ஸ்பைருலினா மருந்தாகாது. மகனுக்கு இரண்டையுமே கொடுக்க வேண்டாம். உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பி12. புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் வேண்டுமென்றே எழுதிய பொய் அல்ல. அளந்த முறையில்தான் சிக்கல் இருக்கிறது. பி12 இல்லாமல் வளர முடியாத ஒரு லாக்டோபேசிலஸ் பாக்டீரியாவை மாதிரியின் சாற்றில் வளர்த்து, அது எவ்வளவு பெருகுகிறது என்பதை வைத்து அளவைக் கணக்கிடுவது பழைய முறை. அந்தப் பாக்டீரியாவுக்கு உண்மையான பி12உம் ஒன்றுதான், அதன் சாயலில் இருக்கும் போலி பி12உம் ஒன்றுதான். இரண்டையும் தின்று வளரும். நம் உடல் அப்படி இல்லை. இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் பி12ஐப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைப்பகுதிக்குக் கொண்டுபோனால்தான் அது இரத்தத்தில் சேரும், அந்தப் புரதமோ போலி வடிவத்தை ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஸ்பைருலினா மாத்திரைகளைப் பிரித்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், அவற்றில் பி12 என்று கணக்கானதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தப் போலி வடிவமே என்று 1999இல் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1991இல், நெதர்லாந்தில் பி12 குறைபாடுள்ள சைவக் குழந்தைகளுக்கு ஸ்பைருலினாவும் கடற்பாசியும் கொடுத்துப் பார்த்திருந்தனர். இரத்தத்தில் பி12 அளவு ஏறியது. ஆனால் குறைபாட்டால் பருத்துப்போயிருந்த சிவப்பணுக்கள் சரியாகவில்லை, மேலும் மோசமாயின.

உங்கள் தாயார் விஷயத்தில் இது இரட்டிப்பு முக்கியம். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவதே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சைவ உணவில் வரத்தும் குறைவு. பாசி மாத்திரையை நம்பி ஆறு மாதம் கடத்தினால், கால் மரத்துப்போவதும் எரிச்சலும் சர்க்கரையால் வந்தவை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நரம்புச் சேதம் நிலைத்துவிடக்கூடும். மருத்துவர் எழுதித் தரும் சயனோகோபாலமின் அல்லது மெத்தில்கோபாலமின் மாத்திரையோ ஊசியோதான் இதற்கு வழி, அதன் விலையும் பாசி மாத்திரையைவிடக் குறைவு. குளோரெல்லாவில் சில தயாரிப்புகளில் உண்மையான பி12 இருப்பது மெய்தான். ஆனால் 100 கிராமில் ஏறக்குறைய ஒன்றுமில்லாதது முதல் சில நூறு மைக்ரோகிராம் வரை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. எனவே அதையும் ஒரு சிகிச்சையாக எண்ண முடியாது.

மற்ற சத்துகளைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போதும். ஸ்பைருலினாவின் எடையில் 60 விழுக்காட்டுக்குப் புரதம் இருப்பது உண்மை. ஆனால் 500 மில்லிகிராம் மாத்திரை ஆறு என்றால் மொத்தமே 3 கிராம், அதில் புரதம் 1.8 கிராம், ஒரு டம்ளரில் மூன்றில் ஒரு பங்குப் பால் தருகிற அளவுதான் அது. இரும்பு 1 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். பீட்டா கரோட்டின் மட்டும் இந்தச் சிறு அளவிலும் ஓரளவு பயன் தரும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஆனால் முருங்கைக்கீரை கிடைக்கிற ஊரில் அதற்காக மாத்திரை வாங்க வேண்டியதில்லை.

இனி நஞ்சு. ஸ்பைருலினா நீலப்பச்சைப் பாசி இனத்தைச் சேர்ந்தது. குளோரெல்லா பச்சைப் பாசி. இவை இரண்டும் மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சைத் தாமே உண்டாக்குவதில்லை. அதை உண்டாக்கும் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற வேறு பாசிகள் அதே நீரில் கலந்து வளர்ந்து, சேர்ந்தே அறுவடையாகி, சேர்ந்தே மாத்திரையாவதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் அழியாது. நிறத்தாலோ மணத்தாலோ கண்டுபிடிக்கவும் முடியாது.

இதில் நன்கு ஆராயப்பட்ட நிகழ்வு அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் நடந்தது. அங்குள்ள அப்பர் கிளமத் ஏரியில் இயற்கையாக வளரும் அஃபனிசோமெனான் என்ற நீலப்பச்சைப் பாசியை அள்ளி மாத்திரையாக்கி விற்றுவந்தார்கள். 1996இல் ஏரியில் மைக்ரோசிஸ்டிஸ் பெருகியது. மாநிலச் சுகாதாரத் துறை மறு ஆண்டே ஒரு கிராம் மாத்திரையில் 1 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டினுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. பின்னர் 87 மாதிரிகளைச் சோதித்ததில் 85இல் நஞ்சு இருந்தது, 63 மாதிரிகள் வரம்பைத் தாண்டியிருந்தன.

அந்த 1 மைக்ரோகிராம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒருவர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் தாங்கக்கூடிய அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.04 மைக்ரோகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 2.4 மைக்ரோகிராம். அவர் நாளொன்றுக்கு 2 கிராம் பாசி சாப்பிடுவார் என்று வைத்துக்கொண்டு வகுத்தால் கிராமுக்கு 1.2 வரும், அதைத்தான் 1 என்று முழுமையாக்கினார்கள். அதாவது அந்த வரம்பு, பெரியவர் ஒருவர் நான்கு மாத்திரை சாப்பிடுவதற்கானது. உங்கள் தாயார் அறுபது கிலோ என்றால், ஆறு மாத்திரையில், வரம்புக்குள் உள்ள சரக்கிலேயே 3 மைக்ரோகிராம் வரை போகலாம், 2.4ஐத் தாண்டிவிட்டது. மகன் 16 கிலோ இருப்பான் என்று கொள்வோம். அவனுக்குத் தாங்கும் அளவு 0.64. பாதியளவு என்று மூன்று மாத்திரை கொடுத்தால் 1.5 வரை போகும், இரண்டு மடங்குக்கும் மேல். பெரியவருக்குச் செய்த கணக்கைக் குழந்தைக்குப் பாதியாக்கினால் போதும் என்பது இங்கே செல்லாது, ஏனென்றால் அவன் எடை பாதியல்ல, கால் பங்கைச் சற்றே தாண்டியது.

எல்லா ஸ்பைருலினாவிலும் நஞ்சு இருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஏரியில் அள்ளிய பாசிக்கும் தொட்டியில் வளர்த்த ஸ்பைருலினாவுக்கும் வேறுபாடு உண்டு. நம் ஊரில் சுருள்பாசி என்று வளர்க்கப்படுவது சோடியம் பைகார்பனேட் நிறைந்த நீரில் வளர்வது, பி.எச். அளவு 10ஐ ஒட்டி இருக்கும்போது மைக்ரோசிஸ்டிஸ் உள்ளே நுழைவது கடினம். பைகார்பனேட் செலவைக் குறைப்பதற்காகவோ மழைநீர் கலந்ததாலோ அந்தக் காரத்தன்மை இறங்கும்போதுதான் வேறு பாசிகள் தலைகாட்டும். நல்ல பண்ணைக்காரர் அறுவடைக்கு முன் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார். ஸ்பிரிங் போன்ற சுருள் இழைகளுக்கு நடுவே உருண்டைத் திரள்கள் தெரிந்தால் அந்தத் தொட்டியை ஒதுக்குவார். சிக்கல் என்னவென்றால் புட்டியைப் பார்த்து உங்களால் இதை அறிய முடியாது. உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருப்பது நிறுவனம் பதிவு பெற்றது என்பதைத்தான் காட்டும், அந்தத் தொகுதி சோதிக்கப்பட்டது என்பதை அல்ல. நான் வேலை பார்த்த இடத்துக்குப் பாசிப்பொடி கொண்டுவந்தவர்களில் பெரும்பாலானோர் புரதத்தையும் பி12ஐயும் அளந்து தரச் சொன்னார்களே தவிர, மைக்ரோசிஸ்டின் சோதனைக்குப் பணம் கட்ட முன்வந்தவர்கள் மிகச் சிலரே. பெரியவர் ஒருவர் விரும்பிச் சாப்பிடுவதானால், புட்டியில் உள்ள தொகுதி எண்ணுக்கான ஆய்வறிக்கையை நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அதில் மைக்ரோசிஸ்டின், ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் ஆகியவை எண்களாக இருக்க வேண்டும். வெறுமனே ‘காணப்படவில்லை’ என்று எழுதி, எந்த அளவுக்குக் கீழே காணப்படவில்லை என்பதைச் சொல்லாத அறிக்கையை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

குளோரெல்லா நச்சை வெளியேற்றும் என்ற பேச்சுக்கு வருகிறேன். அதன் செல்சுவர் நீரில் உள்ள கன உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த செய்தி. அதை வைத்து மனித உடலிலிருந்து உலோகத்தை இழுத்துவிடும் என்று சொல்வது நெடுந்தாவல். மேலும் அதே குணத்தால்தான் அது வளரும் குளத்து நீரிலேயே ஈயமோ காட்மியமோ இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொண்டு உங்களிடம் வந்துசேர்கிறது. குளோரெல்லாவுக்கு இன்னொரு தனிக் குறையும் உண்டு. பதப்படுத்தும்போது பச்சையம் சிதைந்து ஃபியோஃபோர்பைடு என்ற பொருள் உண்டானால், சாப்பிட்டவர் வெயிலில் போனதும் முகமும் கையும் சிவந்து வீங்கும். ஜப்பானில் 1977இல் இப்படிப் பலர் பாதிக்கப்பட்ட பிறகே அங்கே அதற்கு வரம்பு வகுத்தார்கள்.

குழந்தைகளைத் தவிர, கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் கல்லீரல் நோயுள்ளவர்களும் இரண்டையும் தவிர்க்க வேண்டும். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறையுள்ளவர்களுக்கு இந்தப் புரதத்தில் உள்ள பினைல்அலனின் ஆகாது. லூப்பஸ், பெம்பிகஸ், தசையழற்சி போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும், உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் கட்டாயம் ஒதுக்க வேண்டும். இந்தப் பாசிகள் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டக்கூடியவை, இவற்றைச் சாப்பிட்டபின் அத்தகைய நோய்கள் கிளம்பியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. இதயத்துக்காக வார்ஃபரின் சாப்பிடுபவருக்குக் குளோரெல்லா ஆகாது, ஏனெனில் அதில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்.

ஏற்கெனவே வாங்கித் தொடங்கிவிட்டீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். மலம் பச்சையாகப் போயிருந்தால் அது பாசியின் நிறமே தவிர வேறொன்றுமில்லை. ஆனால் பசியின்மை, ஓயாத சோர்வு, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் எதுவும் தென்பட்டால் கல்லீரல் சோதனை செய்துகொள்ளுங்கள். புட்டியை எறிந்துவிடாமல் தொகுதி எண்ணோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.