புரமோஷன் மிக்ஸ்: கேஸ் கேள்விகளில் நான்கையும் பிரிப்பது எப்படி?

கேள்வி: விளம்பரம், விற்பனை மேம்பாடு, தனிநபர் விற்பனை, மக்கள் தொடர்பு நான்குக்கும் வரையறை தெரியும். ஆனால் கேஸ் கொடுத்து 'எந்தக் கருவி?' என்று கேட்டால் மாறிவிடுகிறது. எதை வைத்துப் பிரிப்பது?

வணிகவியல் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் தப்பு, செய்தி எந்த ஊடகத்தில் வந்தது என்பதைப் பார்த்து விடை எழுதுவது. 'செய்தித்தாள்' என்ற சொல்லைக் கண்டதும் விளம்பரம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே செய்தித்தாளில் விளம்பரமும் வரும், தள்ளுபடி கூப்பனும் வரும், நிறுவனத்தைப் பற்றிய செய்தியும் வரும். அதனால் ஊடகத்தை விட்டுவிட்டு, அங்கே வேலை செய்வது எது என்று பாருங்கள்.

நான்கும் ஒரே இடத்தில் வரும் உண்மையான கேஸ் ஒன்று உண்டு. 1982இல் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் டைலெனால் என்ற வலி மாத்திரையைச் சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். யாரோ பாட்டில்களில் இருந்த மாத்திரைகளில் சயனைடு கலந்திருந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் விளம்பரங்களை நிறுத்தியது, சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது, பொதுமக்கள் இலவசமாகக் கூப்பிட்டுக் கேட்க ஒரு தொலைபேசி எண்ணைத் திறந்தது, பத்திரிகையாளர்களிடம் நடந்ததை நடந்தபடி சொன்னது. அப்புறம் மூன்று அடுக்குப் பாதுகாப்பு முத்திரையோடு மாத்திரையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2.50 டாலர் கூப்பன்கள் செய்தித்தாள்களில் வந்தன. விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களை நேரில் பார்த்துப் புதிய பாட்டிலைப் பற்றி விளக்கினார்கள்.

இதில் எளிதானது மருத்துவர் சந்திப்பு. மருத்துவர் சந்தேகம் கேட்டால் பிரதிநிதி அங்கேயே பதில் சொல்லி, பேச்சை அவருக்கு ஏற்றபடி மாற்ற முடியும். அதனால் தனிநபர் விற்பனை. போகும்போது இலவச சாம்பிள் பாட்டில் ஒன்றை வைத்துவிட்டு வந்தார் என்று கேள்வியில் ஒரு வரி இருந்தால், அந்த வரி மட்டும் விற்பனை மேம்பாடு.

கூப்பனில்தான் பலர் சறுக்குகிறார்கள். அச்சான இடம் செய்தித்தாள், காசு கொடுத்து வாங்கிய இடம், நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது. ஆனால் வாசகரைக் கடைக்குப் போக வைப்பது அந்த 2.50 டாலர். கூடுதல் சலுகை, அதுவும் கொஞ்ச காலத்துக்கு மட்டும், உடனே வாங்க வைப்பதற்காக: இவை இருந்தால் விற்பனை மேம்பாடு. செய்தித்தாள் இங்கே அதைச் சுமந்து வரும் வண்டி. 'கருவிகள்' என்று பன்மையில் கேட்டால் விளம்பரத்தையும் சேர்த்து எழுதுங்கள், எது எந்த வரியில் தெரிகிறது என்று காட்டி.

தொலைபேசி எண்ணைப் பார்த்து 'ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களே, தனிநபர் விற்பனைதானே?' என்று கேட்பார்கள். பேச்சு இருக்கிறது, ஆனால் அங்கே யாரும் விற்கவில்லை. பயந்துபோன மக்களுக்குப் பதில் சொல்லி, நிறுவனத்தின் மேல் நம்பிக்கை உடையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அது மக்கள் தொடர்பு. பத்திரிகையாளர் சந்திப்பும் அப்படித்தான். 'மக்கள் தொடர்புக்குச் செலவே இல்லை' என்று மனப்பாடம் செய்ததை இங்கே விட்டுவிடுங்கள். ஊழியர், தொலைபேசி, அரங்கம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. காசு கொடுக்காதது பத்திரிகையில் வரும் செய்திக்கு மட்டும். அதனால்தான் அதில் என்ன எழுத வேண்டும் என்பதும் நிறுவனத்தின் கையில் இல்லை.

ஆக, கேஸைப் படிக்கும்போது இந்த வரிசையில் கேளுங்கள். எதிரில் இருப்பவர் திருப்பிப் பேச, விற்பனை நடக்கிறதா? இல்லையென்றால், குறுகிய காலச் சலுகை ஏதாவது கொடுக்கிறார்களா? அதுவும் இல்லையென்றால், ஊடகத்தில் இடமோ நேரமோ நிறுவனம் காசு கொடுத்து வாங்கித் தன் பெயரில் தன் வார்த்தையில் பேசுகிறதா? மூன்றும் இல்லாமல் நற்பெயரைக் காக்கும் வேலை நடந்தால், அது மக்கள் தொடர்பு.

மூன்றாவது கேள்வியில் மட்டும் நின்று நிதானியுங்கள். ஒரு நிறுவனம் ஏரி தூர்வாருகிறது, நிருபர் வந்து பார்த்துச் செய்தி போடுகிறார் என்றால் மக்கள் தொடர்பு. அதே நிறுவனம் அதே வேலையைச் சொல்ல அரைப்பக்கம் வாங்கிப் போட்டால், நோக்கம் நற்பெயர்தான், ஆனால் கருவி விளம்பரம். கேள்வி 'கருவியை அடையாளம் காண்க' என்றால் விளம்பரம் என்று எழுதி, நற்பெயருக்காகச் செய்தது என்று அடுத்த வரியில் சேருங்கள். 'நோக்கம் என்ன' என்று கேட்டால் நற்பெயரை முதலில் எழுதி, கருவி விளம்பரம் என்பதை அடுத்த வரியில் சேருங்கள்.