கொசுவைப் பார்த்தார்கள், தட்டைப் பார்க்கவில்லை

கேள்வி: நான் சுகாதார ஆய்வாளர். டெங்கு தடுப்பு பற்றி மகளிர் குழுக்களில் ஸ்லைடு போட்டுப் பேசுகிறேன். ஒவ்வொரு ஸ்லைடிலும் நல்ல படம், ஐகான் எல்லாம் வைக்கிறேன். முடிந்ததும் கேட்டால் "கொசு படம் பயங்கரமா இருந்துச்சு சார்" என்கிறார்கள். என்ன செய்யச் சொன்னேன் என்பது யாருக்கும் நினைவில்லை. படத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: அவர்கள் மேல் தவறில்லை. திரை முழுக்கக் கொசுவைக் காட்டினீர்கள், அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் படத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். சொல்ல வந்ததில் எதுவும் குறையவில்லை என்றால் அந்தப் படம் அங்கே சும்மா இருக்கிறது. சும்மா இருந்தாலாவது பரவாயில்லை, ஆனால் அது உங்கள் கொசுவைப்போல முழுக் கவனத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

'கொசு உற்பத்தியாகும் இடங்களை அழியுங்கள்' என்று ஒரு ஸ்லைடு வைத்திருப்பீர்கள். அதைக் கேட்பவர் வீட்டுக்குப் போய் எங்கே தேட வேண்டும் என்பதுதான் விஷயம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த தண்ணீரில் முட்டையிடுகிறது. பலர் சாக்கடையைத்தான் சந்தேகப்படுவார்கள். ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் வடிந்து சேரும் தட்டை அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே கொசுவை எடுத்துவிட்டு அந்தத் தட்டைப் போடுங்கள்.

இணையத்தில் தேடாதீர்கள், உங்கள் ஊர் வீடொன்றில் அனுமதி கேட்டு நீங்களே எடுங்கள். யார் வீடு என்று தெரியும்படி மட்டும் எடுக்காதீர்கள், கூட்டத்தில் ஒருவர் தலைகுனிய நேரக்கூடாது. ஃபோனின் ஃபிளாஷ் வேண்டாம், தண்ணீரில் பட்டு வெள்ளையாகத் தெறிக்கும். வேறொருவரைப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடிக்கச் சொல்லுங்கள், தண்ணீரில் இருக்கும் கொசுப்புழுக்கள் தெளிவாகத் தெரியும். அளவு புரிய தட்டின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். புழு இருக்கும் இடத்துக்கு ஒரே ஒரு அம்புக்குறி, கீழே ஒரே வரி: 'வாரம் ஒருமுறை இந்தத் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.'

முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும், அதனால்தான் வாரம் ஒருமுறை. 'தேய்த்து' என்பதற்கு இன்னொரு படம் தேவைப்படும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாளியின் உட்புறத்தை ஒரு கை நாரால் தேய்ப்பதைக் கிட்டே எடுத்துக் காட்டினால் விளக்கமே வேண்டாம்.

கொசுவைக் காட்டியே ஆகவேண்டும் என்றால் கால்களில் வெள்ளை வளையங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். டெங்கு கொசு என்ற பெயரில் வேறு கொசுவின் படத்தைப் போட்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஐகானில் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர்க் குடத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, மூடாத குடம் கூடாது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில் இருப்பவருக்கு அது 'தண்ணீர் பிடித்து வைக்காதே' என்று படும். நடக்காத காரியத்தைச் சொல்கிறார் என்று அப்போதே காதை மூடிக்கொள்வார். அந்த இடத்துக்கு ஐகானே வேண்டாம். டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கும் புகைப்படத்தைப் போடுங்கள். கேடயம், பல்பு, கைகுலுக்கல் இவற்றையெல்லாம் எடுத்துவிடலாம். மீதி வைத்திருக்கும் ஐகானை, எழுத்தில்லாமல், இதற்குமுன் பார்க்காத 3 பேரிடம் காட்டி "இது என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வந்தால் அந்த ஐகான் உதவாது. 'வாரம் ஒருமுறை' என்பதற்கு ஒரு குறி தேர்ந்தெடுத்தால் கடைசி ஸ்லைடு வரை அதே குறி, அதே பொருளில்தான் வரவேண்டும்.

அப்புறம், ஆபத்து அறிகுறிகள் ஸ்லைடு. டிரிப் ஏறும் குழந்தையின் படத்தைப் பார்த்ததும் தாய்மார்களுக்கு மனசு பதறும், பக்கத்தில் இருப்பதைப் படிக்க மாட்டார்கள். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம்: இருந்தால் உடனே மருத்துவமனை. இதைப் பெரிய எழுத்தில் போட்டு, சுற்றிலும் வெறுமையாக விடுங்கள்.

ஃபோனில் எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், திரையில் புழு தெரியாது. டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். சமுதாயக்கூடத்தில் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் இருட்டான படங்கள் மங்கிப்போகும். அதனால் கூட்டத்துக்கு அரைமணி முன்னதாகப் போய், தட்டுப் படத்தைத் திரையில் போட்டுவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து புழு தெரிகிறதா என்று பாருங்கள்.