முதலாளி பிடித்த பணம் என்று நினைத்தது

கேள்வி: மறந்துபோன சந்தா ஒன்று பல வருடங்களாக மாதாமாதம் பணம் எடுத்துக்கொண்டிருந்ததை யாராவது கண்டுபிடித்திருக்கிறீர்களா? எப்படித் தெரியவந்தது? பணம் திரும்பக் கிடைத்ததா?

எனக்கு நடந்ததில்லை. ஆனால் நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவரின் கதை இது.

2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஊழியர் சேமநிதி கட்டாயமானது. தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. இந்தத் தம்பிக்குச் சம்பளம் 1,800, ஆகவே 36 ரிங்கிட் பிடித்தோம். ஊருக்குப் பணம் அனுப்பப் போனவர் நேராக என் மேசைக்கு வந்துவிட்டார். "அண்ணே, 36 என்று சொன்னீர்கள். 61 குறைகிறதே. முதலாளி வேறு ஏதாவது பிடித்தாரா?" கேட்டது மரியாதையாகத்தான், முகம் அப்படி இல்லை.

சம்பளச் சீட்டில் பிழை இல்லை. வங்கிச் செயலியைத் திறக்கச் சொன்னேன். சம்பளம் விழுந்த இரண்டாம் நாள், ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரில் 25 ரிங்கிட் சொச்சம் போயிருந்தது. பெயரைப் பார்த்தவர் "எனக்குத் தெரியாது" என்றார். உண்மைதான். இணையதளம் ஒரு பெயரில் நடக்கும். வங்கி அறிக்கையில் அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரோ, பணம் வசூலித்துத் தரும் இடைநிறுவனத்தின் பெயரோதான் வரும்.

முந்தைய மாதங்களைப் பார்த்தோம். ஒவ்வொரு மாதமும் தொகை வேறு. 2024 தொடக்கத்தில் 28ஐத் தாண்டியிருந்தது, பிறகு மெல்ல இறங்கியிருந்தது. இத்தனை நாள் கண்ணில் படாததற்குக் காரணமே இதுதான். கட்டணம் டாலரில், 5.99. ரிங்கிட் மதிப்பு ஏற இறங்க, அறிக்கையில் எண்ணும் மாறிக்கொண்டே இருந்தது. ஒரே தொகை திரும்பத் திரும்ப வந்திருந்தால் யாருக்கும் உறுத்தியிருக்கும். ஆகவே தேடும்போது தொகையை விட்டுவிட்டு, பெயரையும் தேதியையும் பிடித்துக்கொண்டு போங்கள். செயலியில் கிடைக்காத பழைய அறிக்கைகளை வங்கி முகப்பில் கேட்டு வாங்கினோம்.

கடைசியில் 2021இல் போய் நின்றது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கடை பாதி மூடிக் கிடந்தபோது, சிங்கப்பூர் வேலைக்கு விண்ணப்பிக்க ஓர் இணையதளத்தில் சுயவிவரம் தயாரித்திருக்கிறார். தாளைத் தரவிறக்க இரண்டு டாலர், பதினான்கு நாள் அனுமதி. அதற்குப் பிறகு மாதச் சந்தா தானாகத் தொடரும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்திருக்கும். முதல் முறை மட்டும் கைப்பேசிக்குக் குறியீடு வந்தது. பிறகு சந்தா நிறுவனமே தொடங்கும் வசூலுக்கு அது தேவைப்படுவதில்லை.

அவருக்குப் புரியாதது வேறு. "அட்டை 2023இல் காலாவதியாகிப் புது அட்டை வாங்கினேனே அண்ணே, பிறகு எப்படி?" விசா, மாஸ்டர்கார்டு இரண்டிடமும், வங்கி அதில் சேர்ந்திருந்தால், புது அட்டையின் விவரத்தைச் சந்தா வசூலிக்கும் நிறுவனங்களுக்குத் தானாகத் தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு. அட்டை மாறினால் சந்தா அறுந்துவிடும் என்று நம்பிவிட முடியாது.

மொத்தம் 1,300 ரிங்கிட்டுக்கு மேல். இங்கே குறைந்தபட்சச் சம்பளமே 1,700. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முதலாளியிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள் அண்ணே" என்றார்.

ரத்து செய்வது அத்தனை எளிதாக இல்லை. பதிவு செய்த மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துவிட்டது. அதை மீட்கும் எண்ணோ எப்போதோ செத்துப்போன இந்திய சிம். கணக்குக்குள் போகவே வழியில்லை. அந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினோம்: அட்டையின் கடைசி நான்கு இலக்கம், கடைசி வசூலின் தேதி, தொகை. கணக்கைக் கண்டுபிடிக்க இவை போதும். முழு அட்டை எண்ணையோ பின்பக்க மூன்று இலக்கத்தையோ யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ரத்து செய்ததாகப் பதில் வந்தது. அதை அப்படியே படம் எடுத்து வைத்தோம். அடுத்த மாதமும் வசூலித்தால் வங்கியிடம் காட்ட அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

திரும்பக் கிடைத்தது கடைசி மாதத் தொகை மட்டும். மீதிக்காக வங்கிக்குப் போனோம். அட்டைப் புகார்களுக்குப் பொதுவாக 120 நாள்தான் கெடு. அதற்குள் வரும் மாதங்களுக்கும் "ரத்து செய்த பிறகும் எடுத்தார்கள்" என்று காட்ட வேண்டும்; இவர் ரத்தே செய்திருக்கவில்லையே. முகப்பில் இருந்த அம்மா நல்லவர். சுற்றி வளைக்காமல், "இந்தப் புகார் நிற்காது தம்பி" என்று சொல்லி, அந்த அட்டையில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை மட்டும் முடக்கிக் கொடுத்தார். தம்பிக்கு அது தேவையும் இல்லை. சம்பளத்தை எடுக்க ஏடிஎம் போதும்.