மிச்ச மாத்திரை எப்படி வந்தது?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. தொண்டை வலி, 102 டிகிரி காய்ச்சல். இருமல், சளி இல்லை. தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ். இரண்டு நாள் கழித்து வந்த கல்ச்சரும் நெகட்டிவ். ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறார் டாக்டர். டெஸ்ட்டுக்கு முந்தின நாள், பெரியவனுக்குப் போன மாதம் இதே டெஸ்ட் பாசிட்டிவ் வந்தபோது வாங்கி மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை மாமியார் மூன்று வேளை கொடுத்திருந்தார். அதை டாக்டரிடம் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை நம்பலாமா?

பதில்: நம்ப முடியாது. டாக்டர் மேல் தப்பில்லை, அவரிடம் பாதிக் கதைதானே சொன்னீர்கள்!

ரேபிட் டெஸ்ட் தேடுவது ஸ்ட்ரெப் என்னும் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை. அந்தத் தொற்று உள்ள 100 குழந்தைகளில் சுமார் 15 பேரை அது தவறவிடும். அதனால்தான் குழந்தைகளுக்கு ரேபிட் நெகட்டிவ் வந்தால் கல்ச்சர் கேட்கிறார்கள். கல்ச்சரிலோ கிருமி உயிரோடு தட்டில் வளர வேண்டும். மூன்று வேளை அமாக்ஸிசிலின் போன தொண்டையில் வளர என்ன இருக்கும்? மருந்து தொடாத தொண்டையில் எடுத்த கல்ச்சர் நெகட்டிவ் என்றால், பெரும்பாலும் வைரஸ்தான், ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. உங்கள் ரிப்போர்ட் அந்த வகை இல்லை.

இப்போது மறுபடி பஞ்சு வைப்பதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். இருமல் இல்லாதது, வயது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, டான்சிலில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று பார்த்து அவர் முடிவெடுப்பார். மருந்து என்றால் 10 நாள் முழுதாக. வலி தொடங்கி 9 நாளுக்குள் ஆரம்பித்தால்கூட, இந்தத் தொற்றுக்குப் பின்னால் வந்து மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். அன்றைக்கு டெஸ்ட் வரை பொறுத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகியிருக்காது.

சரி, அந்த மாத்திரைக்கு வருகிறேன். 10 நாள் மருந்தில் மிச்சம் எப்படி வந்தது? நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்தியிருப்பீர்கள். பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்கிறது என்பது ஏறக்குறைய நிச்சயம். ஆனால் மூக்கொழுகலும் இருமலுமாக இருக்கும் பையனுக்குப் பாசிட்டிவ் வந்தால், அவன் கிருமியைச் சும்மா சுமப்பவனாகவும் இருக்கலாம். அப்போது நோய் வைரஸால் வந்ததுதான். உங்கள் மகனுக்கு எது என்று அவனைப் பார்த்த டாக்டருக்குத்தான் தெரியும். மருந்து தேவை என்று அவர் கொடுத்திருந்தால், 10 நாள் என்பது காய்ச்சலுக்காக மட்டும் இல்லை, இதய வால்வுக்காகவும்.

மாமியாரை இதில் இழுக்காதீர்கள். பேத்தி துடிப்பதைப் பார்த்து, கண்ணில் பட்டதைக் கொடுத்தார். டப்பாவில் எடுத்து வைத்தது யார்? பிள்ளைக்கு மருந்தை எண்ணிக் கொடுத்து முடிப்பது பெற்றவர்கள் வேலை.

பெரியவனுக்கு மூட்டு வீக்கமோ, ஓடினால் மூச்சு வாங்குவதோ இருக்கிறதா? பாருங்கள். டாக்டரிடம் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள், அந்த டப்பாவோடு.