பில் தொலைந்துவிட்டால் பயணச் செலவைக் கேட்க முடியாதா?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் சர்வீஸ் இன்ஜினியராக இருக்கிறேன். போன மாதம் வேலையாகக் கோவை, பொள்ளாச்சி போய் வந்தேன். ரூ.4,780-க்கு என்னிடம் சரியான பில் இல்லை. லாட்ஜ் பில் தொலைந்துவிட்டது (ரூ.3,360). ஆட்டோவுக்கு ரூ.1,240 ஆனது, பில் வாங்கவில்லை. பஸ் டிக்கெட்டுகளில் (ரூ.180) எழுத்தே அழிந்துவிட்டது. 'பில் புக் வாங்கி நீயே எழுதிக் கொடு' என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். அக்கவுண்ட்ஸுக்கு எப்படி எழுதுவது?

பதில்: முதலில், அந்த பில் புக் யோசனையை விட்டுவிடுங்கள். செலவு உண்மையாகவே இருந்தாலும், வேறொருவர் கொடுத்ததுபோல நீங்களே பில் எழுதினால் அது போலி ஆவணம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகள் வரை விஷயம் போகலாம். அதற்கு முன்பே வேலை போய்விடும். பில் இல்லை என்று ஒப்புக்கொள்வது குற்றமே இல்லை.

ரூ.4,780-ஐ ஒரே தொகையாகக் கேட்காதீர்கள். லாட்ஜ் பில்லை மீட்டுவிடலாம். ஜிஎஸ்டி விதிப்படி சேவைக்கான பில் இரண்டு பிரதிகளாகப் போடப்பட வேண்டும், ஒன்று கொடுத்தவரிடமே இருக்கும். ஜிஎஸ்டி பதிவுள்ள லாட்ஜ் என்றால் தங்கிய தேதி, அறை எண், பணம் கட்டிய விவரம் சொல்லி நகல் கேளுங்கள். அதில் உங்கள் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால், இருப்பதைப் போலவே வாங்குங்கள், திருத்தச் சொல்லாதீர்கள். அதிகம் போனால், அந்த வரியை நிறுவனம் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவு கிடைக்காமல் போகலாம். அறை வாடகை நடந்த செலவு என்பதற்கு அந்த நகல் போதும்.

ஆட்டோவுக்கு ஜிபேயில் கொடுத்தது எவ்வளவு என்று எடுத்துப் பாருங்கள். ரூ.860 என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பரிவர்த்தனைப் பதிவு பணம் போனதைக் காட்டும், எதற்காகப் போனது என்பதைக் காட்டாது. பல கோரிக்கைகள் இங்கேதான் சிக்குகின்றன. அன்றைக்கு வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட சர்வீஸ் ரிப்போர்ட் உங்களிடம் இருக்குமே, அதையும் சேர்த்து வையுங்கள். தேதியும் இடமும் பொருந்திவிட்டால் கேள்வி குறையும். பஸ் டிக்கெட்டுகள் வெப்பத்தாளில் அச்சானவை, வெயிலில் மங்கத்தான் செய்யும். அழிந்த டிக்கெட்டையே ஒரு தாளில் ஒட்டிக் கொடுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

ஆக, வெறும் உங்கள் வார்த்தையை மட்டும் நம்பி நிற்பது ரொக்கமாகக் கொடுத்த ரூ.380தான். கடிதத்தில் இந்த வித்தியாசம் கண்ணில் பட வேண்டும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். கோவை, பொள்ளாச்சி பயணச் செலவில் ரூ.4,780-க்கு அசல் பில் இணைக்க முடியவில்லை, பொறுத்தருள வேண்டும். லாட்ஜ் பில் பயணத்தில் தொலைந்தது, அதன் நகலை இணைத்துள்ளேன் (ரூ.3,360). ஆட்டோக்காரர்கள் பில் தருவதில்லை. ரூ.860-க்கு யுபிஐ பதிவும், அந்தந்த நாளின் சர்வீஸ் ரிப்போர்ட்டும் உள்ளன. எழுத்து மங்கிய பஸ் டிக்கெட்டுகள் (ரூ.180) ஒட்டப்பட்டுள்ளன. மீதி ரூ.380 ரொக்கமாகக் கொடுத்தது. தேதி, இடம், தொகை வாரியாகப் பட்டியலிட்டுக் கையெழுத்திட்டுள்ளேன். இவை அலுவலக வேலைக்காக மட்டுமே செய்த செலவுகள். வேறு எங்கும் இவற்றைக் கோரவில்லை, கோரவும் மாட்டேன். ஏதேனும் ஒரு தொகையை ஏற்க இயலாவிட்டால், எந்த விதியின்படி என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பணிவாகத்தான் இருக்கிறது, ஆனால் 'முடியாது' என்று வாய்வார்த்தையில் முடிப்பதை அது தடுக்கிறது. பட்டியலுக்கு வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாளும் நோட்டரியும் வேண்டாம். அனுப்புவதற்கு முன், பயணத்துக்கு அனுமதி கொடுத்த மேலாளரிடம் 'பயணம் நடந்தது உண்மை' என்று ஒரு வரி மெயில் வாங்கிவிடுங்கள். நிறுவனத்தின் பயண விதியையும் படித்துவிடுங்கள். சில இடங்களில் சிறு தொகைக்கு பில் தேவையில்லை என்று விதியிலேயே இருக்கும், அப்படியானால் அந்த ரூ.380 பிரச்சினையே இல்லை.

அக்கவுண்ட்ஸ்காரர்கள் வேண்டுமென்றே இழுத்தடிப்பதாக நினைக்க வேண்டாம். ஆதாரமில்லாமல் கொடுத்த தொகையைத் தணிக்கையாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். வருமான வரிக் கணக்கில் அது உங்கள் வருமானமாகக்கூடப் பார்க்கப்படலாம்.

அப்புறமும் மறுத்தால்? இது சட்டம் சொல்லும் 'சம்பளம்' என்ற வரையறைக்குள் வராது. வேலைக்காக ஆகும் செலவுக்குக் கொடுப்பதை அந்த வரையறை விலக்கிவைத்திருக்கிறது. அதனால் சம்பள பாக்கி என்று தொழிலாளர் துறையில் மனு கொடுத்தால் நிற்பது கடினம். உங்கள் உரிமை பணி ஒப்பந்தத்திலும் பயண விதியிலும் இருக்கிறது. அவை மௌனமாக இருந்தால், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவருக்காகச் செய்ததன் பலனை அவர் அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்கிற 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவைக் காட்டலாம். அசல் தொலைந்துபோனால் நகலைச் சான்றாக ஏற்க பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 60-வது பிரிவும் இடம் தருகிறது. வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் ரூ.4,780-க்காக நீதிமன்றம் போகச் சொல்ல மாட்டேன், அலைச்சலுக்கே அதைவிட அதிகம் ஆகும். மனிதவளப் பிரிவுக்கு ஒரு மேல்முறையீடு எழுதுங்கள். கோரிக்கையைச் சமர்ப்பிக்க விதியில் கடைசி நாள் ஏதாவது இருந்தால், லாட்ஜ் நகல் வரும்வரை காத்திருக்காமல் 'நகல் பின்னர் வரும்' என்று குறிப்பிட்டு இன்றே அனுப்பிவிடுங்கள்.